ஒரு கூடை, இரண்டு ஆர்டர்: இரட்டைச் சொடுக்கைத் தரவில் பிடிப்பது எப்படி?

தீபாவளி நெருங்கும்போது இணையத்தில் பலகாரம் விற்கும் லிட்டில் இந்தியா கடைக்காரருக்கு இப்படி ஒரு புகார் வருவதுண்டு. "முறுக்கு ஒரு டப்பாதான் கேட்டேன். வீட்டுக்கு இரண்டு வந்திருக்கின்றன. அட்டையிலும் இரண்டு முறை பணம் போயிருக்கிறது." கடைக்காரர் கணினியைத் திறந்து பார்க்கிறார். இரண்டு ஆர்டர் எண்கள் இருக்கின்றன, இரண்டுக்கும் பணம் வந்திருக்கிறது, இரண்டும் முறையாகவே பதிவாகியிருக்கின்றன. கணினியைப் பொறுத்தவரை தவறு எதுவும் நடக்கவில்லை.

வாடிக்கையாளர் உறுதிப்படுத்தும் பொத்தானை இரண்டு முறை அழுத்தியிருக்கிறார் என்பதே பெரும்பாலும் இதற்குக் காரணம். ஒரு புகாரை ஒரு தொலைபேசி அழைப்பில் முடித்துவிடலாம். ஆனால் புகார் செய்யாதவர்கள் எத்தனை பேர்? கடந்த மாதம் விற்றதாகக் காட்டும் தொகையில் எவ்வளவு உண்மை? இதற்கு விடை தரவுத்தளத்தில்தான் இருக்கிறது. பலரும் உடனே செய்வது, ஒரே நபர், ஒரே தொகை, ஒரே நாள் என்று தேடிப் பார்ப்பது. அது கண்டுபிடிக்க வேண்டியதில் ஒரு பகுதியைத் தவறவிடும். கூடவே குற்றமற்ற ஆர்டர்களையும் இழுத்துவரும்.

## பொத்தானை அழுத்தும்போது நடப்பது

"ஆர்டரை உறுதிசெய்" என்ற பொத்தானை அழுத்தியதும் உலாவி கடையின் சர்வருக்கு ஒரு கோரிக்கையை அனுப்புகிறது. அது POST வகைக் கோரிக்கை. ஒரு பக்கத்தைப் படிப்பதற்கான GET கோரிக்கையை நூறு முறை அனுப்பினாலும் கடையில் எதுவும் மாறக் கூடாது. POST வந்தால், புதிதாக ஒன்றைச் செய்யச் சொல்வதாகவே சர்வர் எடுத்துக்கொள்ளும். இணைய நெறிமுறையை விளக்கும் RFC 9110 ஆவணமும் (2022) இதைத்தான் சொல்கிறது: GET, PUT, DELETE ஆகியவற்றைத் திரும்ப அனுப்பினாலும் ஒரு முறை அனுப்பிய விளைவே இருக்க வேண்டும், POST-க்கு அந்த உறுதி கிடையாது.

இரண்டாவது அழுத்தம் இரண்டு விதமாக வருகிறது. ஒன்று பழக்கம். கணினித் திரையில் கோப்புகளை இரட்டைச் சொடுக்கால் திறந்து பழகியவர்கள் இணையப் பக்கத்துப் பொத்தானையும் அப்படியே அழுத்துகிறார்கள். விண்டோஸ், இரண்டு அழுத்தங்களை ஓர் இரட்டைச் சொடுக்காக எண்ணுவதற்கு இயல்பாக வைத்திருக்கும் வரம்பு 500 மில்லிவினாடி, அதாவது அரை வினாடி. ஆகவே இவ்வகை ஜோடிகள் ஒரு வினாடிக்குள் அடங்கிவிடும். மற்றொன்று பொறுமையின்மை. அழுத்தியாயிற்று, திரையில் அசைவில்லை, மூன்று நான்கு வினாடி கழித்து மீண்டும் ஓர் அழுத்து. சலுகை தொடங்கும் நேரத்தில் சர்வர் திணறும்போது இது பெருகும்.

சர்வர் ஏன் இதைத் தடுப்பதில்லை? பல கடைகளின் மென்பொருள் தடுக்க முயலத்தான் செய்கிறது. "இந்தக் கூடைக்கு ஏற்கெனவே ஆர்டர் இருக்கிறதா?" என்று தரவுத்தளத்தைக் கேட்டுவிட்டு, இல்லையென்றால் எழுதுகிறது. கேட்பதற்கும் எழுதுவதற்கும் இடையே சிறிது நேரம் கழிகிறது. உணவங்காடிக் கடையில் இரண்டு பணியாளர்கள் ஒரே நேரத்தில் ஆர்டர் புத்தகத்தைப் பார்த்து, ஐந்தாம் மேசைக்கு இன்னும் எழுதவில்லை என்று இருவருமே முடிவுசெய்து, இருவருமே எழுதிவிடுவது போன்றது இது. இரண்டு கோரிக்கைகளும் சில நூறு மில்லிவினாடி இடைவெளியில் வரும்போது இரண்டுக்கும் "இல்லை" என்ற பதிலே கிடைக்கிறது.

## எதை இரட்டை என்கிறோம்

தேடத் தொடங்கும் முன் மூன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

1. இரட்டை ஆர்டர். ஒருவர் ஒரு முறை எடுத்த முடிவு இரண்டு பதிவுகளாக மாறுவது. கட்டுரை தேடுவது இதைத்தான்.
2. மறுமுயற்சி. மனிதர் மறுபடி அழுத்தவில்லை. பதில் வரத் தாமதமானதால் கைப்பேசிச் செயலியோ இடையில் உள்ள மென்பொருளோ கோரிக்கையைத் தானே திரும்ப அனுப்புவது. விளைவு ஒன்றுதான், ஆனால் காரணமும் தீர்வும் வேறு. பொத்தானை எவ்வளவு திருத்தினாலும் இது நிற்காது.
3. மறு ஆர்டர். வாடிக்கையாளர் அறிந்தே இரண்டாம் முறை வாங்குவது. அக்காள் வீட்டுக்கு ஒன்று, தன் வீட்டுக்கு ஒன்று என்று அதே இனிப்புப் பெட்டியை இரு முகவரிகளுக்கு அனுப்புபவர் இந்த வகை.

முதல் வகை என்று நினைத்து மூன்றாவதை ரத்து செய்வதுதான் மிக மோசமான தவறு. கூடுதலாகப் போன டப்பாவைத் திருப்பி வாங்கிக்கொள்ளலாம். தீபாவளிக்கு முதல்நாள் ரத்தான பெட்டிக்குப் பதில் சொல்ல முடியாது. ஆகவே வடிகட்டி சற்றுக் கூச்சத்துடன் இருப்பதே நல்லது.

## இடைவெளியை வரைந்து பார்த்தல்

முதல் வேலை, ஒவ்வொரு ஆர்டருக்கும் அதற்கு முந்தைய ஆர்டருக்கும் இடையிலான நேரத்தைக் கணக்கிடுவது. SQL-இல் உள்ள LAG என்ற செயற்கூறு இதற்கென்றே இருக்கிறது. போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தில் இப்படி எழுதலாம்:

```sql
SELECT order_id, customer_id, created_at,
       created_at - LAG(created_at) OVER (
         PARTITION BY customer_id
         ORDER BY created_at
       ) AS gap
FROM orders;
```

வாடிக்கையாளர்வாரியாகப் பிரித்து, நேர வரிசையில் அடுக்கி, ஒவ்வொன்றிலிருந்தும் முந்தையதைக் கழிக்கிறது. கிடைக்கும் இடைவெளிகளை வரைபடமாக்க வேண்டும். கிடைமட்ட அச்சைச் சாதாரண அளவில் வைத்தால் எல்லாம் இடது ஓரத்தில் நசுங்கிவிடும். 0.1 வினாடி, 1 வினாடி, 10 வினாடி, 100 வினாடி என்று பத்து மடங்காக உயரும் மடக்கை அளவில் வரைந்தால்தான் வடிவம் தெரியும்.

நன்றாகப் பதிவான தரவில் பொதுவாக ஒரு வினாடிக்குக் கீழே ஒரு மேடு தெரியும். அது விரலின் பழக்கம். அடுத்து இரண்டிலிருந்து பத்துப் பதினைந்து வினாடி வரை சற்றுத் தட்டையான இன்னொரு மேடு இருக்கலாம். அது பொறுமையின்மை. அதன்பின் பள்ளம். பள்ளத்தைத் தாண்டி நிமிடங்கள், நாட்கள் என்று உயர்வது உண்மையான மறு ஆர்டர்கள். எல்லையை எங்கே வைப்பது என்று யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. உங்கள் கடையின் பள்ளம் எங்கே இருக்கிறதோ அங்கே. "ஐந்து நிமிடத்துக்குள் வந்தால் இரட்டை" என்று பலர் எழுதிவைக்கும் விதிக்கு உருண்டையான எண் என்பதைத் தவிர வேறு ஆதாரம் பெரும்பாலும் இருப்பதில்லை.

வரைபடத்தில் சரியாக 30 வினாடியிலோ 60 வினாடியிலோ ஒல்லியான ஊசி போன்ற உயரம் தெரிந்தால் அது விரலின் வேலையாக இருக்காது. மனித விரல் அவ்வளவு துல்லியமாக இயங்காது. காத்திருக்கும் நேரம் முடிந்து மென்பொருள் மறுமுயற்சி செய்கிறது என்று பொருள். இணையச் சர்வரின் முன்னால் நிற்கும் nginx, பின்னாலிருந்து வரும் பதிலுக்குக் காத்திருக்கும் இயல்பான வரம்பு 60 வினாடி. அது தானாக POST கோரிக்கையை மறுபடி அனுப்புவதில்லை. ஆனால் காத்திருப்பதை நிறுத்திப் பிழையைத் திருப்பி அனுப்பிவிடும். அந்தப் பிழையைக் கண்ட கைப்பேசிச் செயலி மறுபடி அனுப்பும்படி எழுதப்பட்டிருந்தால் இரண்டாவது ஆர்டர் பிறந்துவிடும்.

எண்ணும்போது ஒரு கவனம். சிலர் LAG-ஐ விட்டுவிட்டு அட்டவணையை அதனுடனேயே இணைத்து ஜோடிகளைத் தேடுவார்கள். ஒருவர் நான்கு முறை அழுத்தியிருந்தால் அந்த முறையில் ஆறு ஜோடிகள் கிடைக்கும். கூடுதலான ஆர்டர்களோ மூன்றுதான். ஜோடிகளை எண்ணாமல், அடுத்தடுத்து நெருக்கமாக வந்தவற்றை ஒரே குழுவாகச் சேர்த்து, குழுவின் எண்ணிக்கையில் ஒன்றைக் கழிப்பதே சரி.

## நேரமுத்திரை எப்போது ஏமாற்றும்

இத்தனையும் `created_at` என்ற ஒரு புலத்தை நம்பி நிற்கிறது. அது சொல்வதை அப்படியே ஏற்பதற்கு முன் அது எப்படி எழுதப்படுகிறது என்று பார்க்க வேண்டும்.

மைசீக்குவல் தரவுத்தளத்தில் DATETIME என்று மட்டும் குறிப்பிட்டால் வினாடியின் பின்னங்கள் சேமிக்கப்படுவதில்லை. 0.3 வினாடி இடைவெளியில் வந்த இரண்டு ஆர்டர்கள் ஒரே வினாடியில் வந்ததாகவோ, ஒரு முழு வினாடி தள்ளி வந்ததாகவோ தெரியும். விரல் பழக்கத்தின் மேடு முழுவதும் பூஜ்யத்திலும் ஒன்றிலும் இரண்டு தூண்களாகச் சுருங்கிவிடும். DATETIME(3) என்று வைத்தால் மில்லிவினாடி கிடைக்கும். ஆனால் பழைய தரவுக்கு அது உதவாது.

சிங்கப்பூரில் பார்க்க வேண்டிய இன்னொன்று எட்டு மணி நேரம். கோரிக்கைகளை இரண்டு சர்வர்கள் பகிர்ந்துகொள்ளும்போது ஒன்று சிங்கப்பூர் நேரத்திலும் மற்றொன்று உலகப் பொது நேரத்திலும் எழுதினால், அரை வினாடியில் வந்த ஜோடி எட்டு மணி நேர இடைவெளியில் உட்கார்ந்திருக்கும். வரைபடத்தில் 28,800 வினாடியை ஒட்டி ஒரு கூர்மையான உயரம் தெரிந்தால், வாடிக்கையாளர்கள் காலையும் மாலையும் ஒரே பொருளை வாங்குகிறார்கள் என்று வியக்க வேண்டாம். சர்வரின் நேர மண்டலத்தைப் பாருங்கள்.

## தொகை ஒன்றாக இருக்க வேண்டியதில்லை

இரட்டை ஆர்டர் என்றதும் இரண்டு பதிவுகளும் அச்சு அசலாக இருக்கும் என்று எதிர்பார்க்கிறோம். பல நேரங்களில் இருக்காது. முதல் கோரிக்கை கடையின் நிலையையே மாற்றிவிடுகிறது. இரண்டாவது கோரிக்கை மாறிய நிலையைச் சந்திக்கிறது.

பத்து வெள்ளித் தள்ளுபடிப் பற்றுச்சீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு ஒரு முறைதான் செல்லும். முதல் ஆர்டர் அதைப் பயன்படுத்திவிடுகிறது. சில நூறு மில்லிவினாடி கழித்து வரும் இரண்டாவது ஆர்டருக்குப் பற்றுச்சீட்டு மிஞ்சவில்லை; அது முழு விலையில் பதிவாகிறது. ஒன்று 54 வெள்ளி, மற்றொன்று 64 வெள்ளி. "ஒரே தொகை" என்ற வடிகட்டி இதைப் பார்க்கவே பார்க்காது. வாடிக்கையாளருக்கு அதிக எரிச்சல் தரும் ஜோடியும் இதுதான். கையிருப்பிலும் இதே கதை. கடைசி அதிரச டப்பாவை முதல் ஆர்டர் எடுத்துக்கொண்டால், இரண்டாவதில் அந்தப் பொருளே இருக்காது.

அப்படியானால் எதை ஒப்பிடுவது? கூடையை. வாடிக்கையாளர் பொருட்களைச் சேர்க்கத் தொடங்கியதும் பெரும்பாலான கடை மென்பொருள்கள் கூடைக்கு ஓர் எண் தருகின்றன. ஆர்டர் பதிவில் அந்த `cart_id` சேமிக்கப்பட்டிருந்தால் வேலை பாதி முடிந்தது. மேலே உள்ள SQL-இல் `customer_id` இருக்கும் இடத்தில் `cart_id` வைத்தால் போதும். ஒரே கூடை எண்ணில் இரண்டு ஆர்டர் இருப்பது, இடைவெளி எவ்வளவாக இருந்தாலும் விசாரிக்க வேண்டிய விஷயம். அக்காள் வீட்டுக்கு அனுப்புபவர் புதிய கூடையைத்தான் தொடங்கியிருப்பார்.

கூடை எண் சேமிக்கப்படாத பழைய தரவிலும், பதிவு செய்யாமல் விருந்தினராக வாங்குபவர்களிடத்திலும்தான் சிரமம். அங்கே ஓர் அடையாளத்தை நாமே கட்ட வேண்டியிருக்கும்.

- தொலைபேசி எண்: இடைவெளி, கோடு, +65 ஆகியவற்றை நீக்கி எட்டு இலக்கமாக்க வேண்டும்.
- முகவரி: அஞ்சல் குறியீடு மட்டும் போதாது. சிங்கப்பூரில் 1995 முதல் பயன்பாட்டில் உள்ள ஆறு இலக்கக் குறியீடு பொதுவாக ஒரு கட்டடத்தைக் குறிக்கிறது. ஒரே வீவக புளோக்கில் நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகள் அதைப் பகிர்ந்துகொள்ளலாம். வீட்டு எண்ணும் சேர வேண்டும்.
- பொருட்கள்: பட்டியலை வரிசைப்படுத்திய பிறகே ஒப்பிட வேண்டும். முறுக்கு, லட்டு என்பதும் லட்டு, முறுக்கு என்பதும் கணினிக்கு வெவ்வேறு. கையிருப்பு தீர்ந்து ஒரு பொருள் விடுபட்டிருக்கலாம் என்பதால், ஒரு பட்டியல் மற்றொன்றுக்குள் அடங்குகிறதா என்று பார்ப்பது இன்னும் நல்லது.

## ஆறு ஜோடிகள்

ஒரு கற்பனைக் கடையின் ஒரு நாள் தரவிலிருந்து வடிகட்டி ஆறு ஜோடிகளைக் கொண்டுவந்து வைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நண்பகல் 12 மணிக்குச் சலுகை தொடங்கிய நாள்.

1. 20417, 20418. இடைவெளி 0.31 வினாடி. ஒரே கூடை, இரண்டும் 86.40 வெள்ளி, இரண்டுக்கும் அட்டையில் பணம் வந்திருக்கிறது. பாடநூலில் வருவது போன்ற இரட்டை ஆர்டர்.
2. 20433, 20434. இடைவெளி 0.42 வினாடி. ஒரே கூடை, 54 வெள்ளியும் 64 வெள்ளியும். முதலாவதில் பற்றுச்சீட்டு இருக்கிறது. இதுவும் இரட்டைதான். ரத்து செய்ய வேண்டியது இரண்டாவதை. முதலாவதை ரத்து செய்தால் வாடிக்கையாளர் தள்ளுபடியை இழப்பார்.
3. 20440, 20441. இடைவெளி 0.9 வினாடி. அதே பொருட்கள், அதே அலுவலக முகவரி; ஆனால் தொலைபேசி எண்ணும் கூடையும் வேறு. நேரம் 12:00:03. ஒரே அலுவலகத்தில் இரண்டு பேர் சலுகைக்காகக் காத்திருந்து ஒன்றாக அழுத்தியிருக்கிறார்கள். தொடக்கூடாது.
4. 20460, 20467. இடைவெளி நான்கு நிமிடம். ஒரே வாடிக்கையாளர், அதே பெட்டி, வேறு முகவரி, வேறு கூடை. மறு ஆர்டர்.
5. 20471, 20475. இடைவெளி 60.2 வினாடி, ஒரே கூடை. உலாவி விவரத்தைப் பார்த்தால் இரண்டுமே கைப்பேசிச் செயலியிலிருந்து வந்தவை. மறுமுயற்சி. வாடிக்கையாளருக்குப் பணத்தைத் திருப்பித்தர வேண்டும். புகாரை அனுப்ப வேண்டியது செயலியை எழுதியவருக்கு.
6. 20490, 20502. இடைவெளி 95 வினாடி, ஒரே கூடை. முதலாவதில் பணம் மறுக்கப்பட்டிருக்கிறது, இரண்டாவதில் வந்திருக்கிறது. ஓர் அட்டை வேலை செய்யாமல் வேறு அட்டையில் செலுத்தியிருக்கிறார். விற்பனை ஒன்றுதான், திருப்பித்தர எதுவுமில்லை.

"ஒரே நபர், ஒரே தொகை" என்ற விதி இந்த ஆறில் இரண்டாவதைத் தவறவிட்டிருக்கும். நான்காவதையும் ஆறாவதையும் பிடித்திருக்கும். ஐந்து வினாடி எல்லை மட்டும் வைத்திருந்தால் ஐந்தாவது தப்பியிருக்கும். முகவரியையும் பொருளையும் மட்டும் பார்த்தால் மூன்றாவது மாட்டியிருக்கும். கூடை எண், இடைவெளி, பணத்தின் நிலை மூன்றையும் சேர்த்துப் படிக்கும்போதுதான் ஆறும் அதனதன் இடத்தில் அமர்கின்றன.

## பணம் விட்டுச்செல்லும் தடம்

பணத்தின் நிலை என்று சொன்னதைச் சற்று விரிக்க வேண்டும்; அட்டையும் பேநவும் இதில் வேறு வேறாக நடந்துகொள்கின்றன.

அட்டையில் பணம் செலுத்துவது பெரும்பாலும் இரண்டு கட்டம். முதலில் வங்கி அந்தத் தொகையை ஒதுக்கிவைக்கிறது. பிறகு கடை அதை எடுத்துக்கொள்கிறது. ஒதுக்கிய கட்டத்திலேயே இரட்டையைப் பிடித்துவிட்டால் ஒதுக்கீட்டை விடுவித்தால் போதும். எடுத்த பிறகு பிடித்தால் பணத்தைத் திருப்பி அனுப்ப வேண்டும். வாடிக்கையாளரின் வங்கிச் செயலியிலோ விடுவிக்கப்பட்ட ஒதுக்கீடும் சில நாட்கள் நிலுவையாகத் தெரியலாம். "இரண்டு முறை பிடித்துவிட்டார்கள்" என்ற புகார்களில் ஒரு பங்கு இதனால் எழுவது. ஆகவே புகார் எண்ணிக்கையை இரட்டை ஆர்டர் எண்ணிக்கையாக எடுத்துக்கொள்ள முடியாது.

சில கட்டணச் சேவைகள் குறுகிய நேரத்தில் அதே அட்டையில் அதே தொகை மறுபடி வந்தால் தாமே மறுத்துவிடும். அப்போது முதல் ஆர்டர் பணம் பெற்றதாகவும் இரண்டாவது தோல்வியுற்றதாகவும் பதிவாகும். ஆறாவது ஜோடியைத் திருப்பிப் போட்டது போன்ற நிலை இது. தோல்விக்குப் பின் வெற்றி, நிமிடக் கணக்கில் இடைவெளி என்றால் வேறு வழியில் மீண்டும் செலுத்தியது. வெற்றிக்குப் பின் தோல்வி, வினாடிக்குள் இடைவெளி என்றால் இரட்டைச் சொடுக்கு.

2017இல் அறிமுகமான பேநவ் வழியில் தடம் இன்னும் மங்கலானது. பொத்தானை அழுத்தியதும் கடை ஒரு கியூஆர் குறியீட்டை உருவாக்கிக் காட்டுகிறது. இரண்டு அழுத்துக்கு இரண்டு ஆர்டர், இரண்டு குறியீடு. திரையில் தெரிவது ஒன்றுதான். வாடிக்கையாளர் அதற்கு மட்டும் பணம் செலுத்துவார். மற்றொன்று நேரம் முடிந்து காலாவதியாகும். யாருக்கும் பண இழப்பு இல்லை, புகாரும் வராது. ஆனால் அந்த ஆர்டர் காலாவதியாகும்வரை கையிருப்பைப் பிடித்துவைத்திருக்கலாம். சரக்கு இருந்தும் "தீர்ந்துவிட்டது" என்று அடுத்தவருக்குத் தெரியும். மாத இறுதி அறிக்கையிலும் "பணம் செலுத்தாமல் போனவர்கள்" என்ற கணக்கு ஊதிப்போகும். பேநவ் பயன்படுத்துபவர்கள் அதிகம் கைவிடுகிறார்கள் என்று முடிவுகட்டும் முன், அதே கூடையில் ஒரு வினாடிக்குள் பணம் வந்த இன்னோர் ஆர்டர் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

## கண்டுபிடித்ததை என்ன செய்வது

இரட்டைப் பதிவை அழிக்கக் கூடாது. `duplicate_of` என்ற ஒரு புலத்தைச் சேர்த்து, அதில் மூல ஆர்டரின் எண்ணை எழுதி, விற்பனை அறிக்கைகள் அந்தப் புலம் காலியாக உள்ளவற்றை மட்டும் கூட்டும்படி செய்ய வேண்டும். அழித்துவிட்டால் வங்கியில் வந்த பணத்துக்கு ஆர்டர் இல்லாமல் போகும். கணக்காளர் உங்களைத் தேடி வருவார்.

வரியும் உண்டு. பொருள் சேவை வரிக்குப் பதிவு செய்த கடை, 9 விழுக்காடு உட்பட 86.40 வெள்ளி வாங்கியிருந்தால் அதில் 7.13 வெள்ளி வரி. ரசீது ஏற்கெனவே வரி விலைப்பட்டியலாகப் போயிருந்தால், பணத்தைத் திருப்பித்தரும்போது வரவுக் குறிப்பு கொடுத்துத்தான் அந்த வரியைக் கணக்கில் குறைக்க முடியும்.

எதைத் தானாக ரத்து செய்யலாம்? ஒரே கூடை, மேட்டுக்குள் அடங்கும் இடைவெளி, இன்னும் கிடங்கிலிருந்து கிளம்பாதது ஆகிய மூன்றும் பொருந்தினால் மட்டும். கூடை எண் இல்லாமல் தொலைபேசி, முகவரி வழியாகச் சேர்த்தவற்றை ஒரு மனிதர் பார்த்து, தேவையானால் அழைத்துக் கேட்ட பிறகே தொட வேண்டும்.

## தடுப்பு வைத்த பிறகும் எண்ண வேண்டியது

அழுத்தியதும் பொத்தானை முடக்குவது எல்லோருக்கும் தோன்றும் தீர்வு. செய்ய வேண்டியதுதான், ஆனால் அது உலாவியில் மட்டும் நடக்கும் காவல். மறுமுயற்சி அதைத் தாண்டிவிடும். உறுதியான தடுப்பு தரவுத்தளத்தில் இருக்க வேண்டும். ஒவ்வொரு செக்அவுட்டுக்கும் ஓர் அடையாள எண் தந்து, அது இரண்டு முறை பதிவாக முடியாதபடி செய்ய வேண்டும்:

```sql
ALTER TABLE orders
  ADD CONSTRAINT one_order_per_checkout
  UNIQUE (checkout_token);

INSERT INTO orders (checkout_token, cart_id, total)
VALUES ($1, $2, $3)
ON CONFLICT (checkout_token) DO NOTHING;
```

கேட்பதும் எழுதுவதும் இங்கே ஒரே செயல். இடையில் நுழைய இடமில்லை. கட்டணச் சேவைகளிடம் இதே வேலையைச் செய்வதுதான் பலவற்றிலும் உள்ள `Idempotency-Key` என்ற தலைப்பு.

இது பிழைக்கும் இடங்கள் மூன்று. மூன்றையும் தரவிலேயே பார்க்கலாம். ஒன்று, அடையாள எண்ணைப் பொத்தான் அழுத்தும் கணத்தில் உருவாக்குவது. அப்போது ஒவ்வோர் அழுத்துக்கும் புதிய எண் பிறக்கும். தடுப்பு இருந்தும் ஜோடிகள் முன்போலவே வரும். இரண்டு, பழைய செயலிகள் எண்ணையே அனுப்பாமல் இருப்பது. போஸ்ட்கிரஸில் வெற்று மதிப்புகள் இயல்பாக ஒன்றுடன் ஒன்று மோதுவதில்லை. ஆகவே அந்தப் புலம் காலியாக வந்தால் எத்தனை ஆர்டர் வேண்டுமானாலும் உள்ளே போகும். மூன்று, இரண்டாவது கோரிக்கைக்குப் பிழைச் செய்தி காட்டுவது. முதல் ஆர்டர் பதிவாகியிருக்கும், வாடிக்கையாளரின் கண்ணில் படுவதோ "ஆர்டர் தோல்வி". அவர் முதலிலிருந்து தொடங்கி, புதிய கூடையில், சில நிமிடம் கழித்து மறுபடி வாங்குவார். இதை எந்த வடிகட்டியும் எளிதில் பிடிக்காது. மோதல் நேர்ந்தால் முதல் ஆர்டரின் எண்ணையே திருப்பிக் காட்ட வேண்டும்.

மோதி நின்ற கோரிக்கைகளை வீசிவிடாமல், முதல் கோரிக்கையிலிருந்து எத்தனை வினாடி கழித்து வந்தன என்பதோடு ஒரு தனி அட்டவணையில் எழுதிவைப்பது மிகவும் பயனுள்ள வேலை. இவை சந்தேகத்துக்கு இடமின்றி இரட்டை என்று தெரிந்தவை. பழைய தரவுக்கு நீங்கள் ஐந்து வினாடி எல்லை வைத்திருந்து, இந்த அட்டவணையில் பன்னிரண்டு வினாடி வரை மோதல்கள் தொடர்ந்து வந்தால், பழைய கணக்கு குறைவாக எண்ணியிருக்கிறது. எல்லையைத் தள்ளிவைத்து மறுபடி ஓட்ட வேண்டும். மோதல்கள் அனைத்தும் ஒரு வினாடிக்குள் முடிந்துவிட்டால், இரண்டு முதல் ஐந்து வினாடிக்குள் நீங்கள் இரட்டை என்று குறித்த பழைய ஆர்டர்களைக் கூடை எண்ணோடு இன்னொரு முறை சரிபார்ப்பது நல்லது.